ஹாட்ஃபிக்ஸ் வெளியிட்டதும் டெஸ்டர்களின் செயலி திறக்கவில்லை: versionCode வரிசையை எப்படித் திட்டமிடுவது?

கொலுசுக்கணக்கு (செவ்வாய்ப்பேட்டை, சேலம்)
ஞாயிறு, காலை 10.15

வணக்கம். எங்கள் பகுதியில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துவோருக்காக நானும் என் தம்பியும் ஓர் ஆண்ட்ராய்டு செயலியை எழுதிப் பராமரித்து வருகிறோம். பட்டறைக்குக் கொடுத்த வெள்ளி எத்தனை கிராம், உருப்படியாகத் திரும்பி வந்தது எத்தனை கிராம், சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று குறித்து வைக்கும் பேரேடுதான் அது. பிளே ஸ்டோரில் இருக்கிறது.

ஒவ்வொரு முறை பிளே கன்சோலில் ஏற்றும்போதும் versionCode-ஐ ஒன்று கூட்டுவது எங்கள் வழக்கம். பொதுமக்களிடம் இருந்தது 2.4.0, அதன் எண் 61. அடுத்து வரவேண்டிய 2.5.0-ஐ உள் சோதனை ட்ராக்கில் 62, 63, 64, 65 என்று நான்கு பில்டுகளாக ஏற்றியிருந்தோம். ஆறு பட்டறைக்காரர்கள் அதைச் சோதித்து வந்தார்கள். சோதனை என்றாலும் அவர்கள் தங்கள் உண்மையான கணக்கையே அதில் எழுதுகிறார்கள்.

இந்த நேரத்தில் 2.4.0-இல் ஒரு பிழை தெரிந்தது. 58.425 கிராம் உள்ள ஒரு ஜோடிக் கொலுசு, ரசீதில் 58.42 என்று அச்சானது. வெள்ளி வியாபாரத்தில் இதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் 2.4.0-இன் கோடிலிருந்து கிளை பிரித்து, அந்த ஒரு வரியைத் திருத்தி, 2.4.1 என்று பெயரிட்டு, அடுத்த எண்ணான 66-ஐக் கொடுத்து வெள்ளி மாலை வெளியிட்டோம். சனிக்கிழமை காலை ஆறு டெஸ்டர்களில் நான்கு பேர் செயலி திறக்கவே இல்லை என்று அழைத்தார்கள். ஒருவரின் போனை வாங்கி இணைத்துப் பார்த்தபோது லாக்கில் இருந்தது இதுதான்:

```
java.lang.IllegalStateException: A migration from 8 to 7 was required but not found.
```

2.5.0-இல் கல் பதித்த கொலுசுகளுக்காக ஒரு புதிய அட்டவணையைச் சேர்த்து, தரவுத்தளத்தை 7-இலிருந்து 8-க்கு உயர்த்தியிருந்தோம் என்பது உண்மை. ஆனால் 2.5.0 வைத்திருந்தவர்களின் போனில் 2.4.1 எப்படிப் போய் உட்கார்ந்தது? ஆண்ட்ராய்டு பழைய பதிப்புக்கு இறங்க விடாது என்றுதானே படித்திருக்கிறோம்?

---

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை)
ஞாயிறு, காலை 10.50

ஒன்று, இரண்டு என்று கையால் எண்ணிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். நான் தேதியையும் நேரத்தையும் சேர்த்தே எண்ணாக்கி விடுகிறேன். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதம், நாள், மணி, நிமிடம் என்று பத்து இலக்கம் வைத்தால் எண் தானாகவே ஏறிக்கொண்டே போகும், ஒரே எண் இரண்டு முறை வரவும் வராது. உங்கள் பிழையைத் தீர்க்க Room பில்டரில் fallbackToDestructiveMigrationOnDowngrade() என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும், செயலி திறந்துவிடும்.

---

பழைய_கம்பைலர் (அஸ்தம்பட்டி)
ஞாயிறு, காலை 11.40

கொலுசுக்கணக்கு, முதலில் ஒரு வேண்டுகோள். தறிச்சத்தம் சொன்ன அந்த ஒரு வரியைச் சேர்த்து எதையும் வெளியிட்டுவிடாதீர்கள். அது செயலியைத் திறக்க வைக்கும் என்பது சரி. ஆனால் 8-ஆம் தரவுத்தளத்தில் உள்ள அட்டவணைகளை அழித்துவிட்டு, வெறுமையாக 7-ஐ உருவாக்கித்தான் திறக்கும். பட்டறைக்காரரின் பேரேடு அதோடு போய்விடும். டெஸ்டர்களிடமும் செயலியை நீக்கவோ, அமைப்புகளில் போய்த் தரவை அழிக்கவோ வேண்டாம் என்று இப்போதே அழைத்துச் சொல்லிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

இனி உங்கள் கேள்வி. ஆண்ட்ராய்டு இறங்க விடாது என்று நீங்கள் படித்தது சரிதான். இங்கும் அது எதையும் இறங்க விடவில்லை. போனுக்குத் தெரிந்தது 65 என்ற எண்ணும் 66 என்ற எண்ணும் மட்டுமே, 66 பெரியது, ஆகவே அது மேம்பாடு. 2.5.0, 2.4.1 என்பவை versionName. அவை மனிதர் படிப்பதற்கான வெறும் எழுத்துகள். அவற்றில் எது பெரியது என்று இயங்குதளமும் பார்ப்பதில்லை, பிளே ஸ்டோரும் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் நீங்கள் 'தீபாவளி' என்று எழுதியிருந்தாலும் நடப்பது இதுவேதான்.

இரண்டாவது பாதி பிளே ஸ்டோரின் வழக்கம். உள் சோதனையில் சேர்ந்த ஒருவர் பொது ட்ராக்கிலிருந்து விலகிவிடுவதில்லை. இரண்டிலும் அவருக்கு உரிமை உண்டு, தகுதியுள்ள ட்ராக்குகளுக்குள் எந்த ட்ராக்கின் எண் பெரியதோ அதுவே அவருக்கு வந்து சேரும். வெள்ளி மாலை வரை உள் சோதனையின் 65 பெரியதாக இருந்தது. நீங்கள் 66-ஐப் பொதுவில் வெளியிட்ட நொடியில் உள் சோதனை ட்ராக் அதன் நிழலுக்குள் போய்விட்டது. இரவு போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிய நான்கு பேருக்குத் தானியங்கி அப்டேட் நடந்திருக்கும். மற்ற இருவருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவே. வந்தால் அவர்களுக்கும் இதே கதி.

ஆக, ஏறுவரிசை போதாது. வெளியிடும் நாளின் வரிசையில் எண் ஏறுவது உங்களுக்கு உதவாது. கோடு எந்தப் பதிப்பைச் சேர்ந்ததோ அந்த வரிசையில் ஏற வேண்டும். 2.4.1 எப்போது வெளியானாலும் அதன் எண் 2.4.0-க்கு மேலும் 2.5.0-இன் முதல் சோதனை பில்டுக்குக் கீழுமாக இருக்க இடம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். உங்கள் 61-க்கும் 62-க்கும் நடுவே அந்த இடமே இல்லை.

---

இருபதாவது_வளைவு (ஏற்காடு)
ஞாயிறு, பிற்பகல் 12.30

இதே தொல்லை எனக்கும் உண்டு. இங்கே ஒரு காப்பித் தோட்டத்துக்காக ஆள் வருகைப் பதிவுச் செயலி ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டோரில் போடவில்லை, மேஸ்திரிகளுக்கு வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக அனுப்புகிறேன். கோப்பின் பெயரில் மட்டும் final, final2, final2new என்று மாற்றி வருகிறேன். உள்ளே versionCode முதல் நாளிலிருந்து 1 தான். மேலே சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்தபோதுதான் ஒவ்வொருவரும் இறக்கிக்கொள்வார்கள் என்பதால் யாரிடம் எது இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. versionName-ஐ ஒழுங்காக மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே சொல்கிறீர்கள்?

---

பழைய_கம்பைலர்
ஞாயிறு, பிற்பகல் 1.05

இல்லை ஐயா, நான் சொன்னதற்கு அது நேர் எதிர். ஆனாலும் உங்கள் நிலை வேறு என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

ஒரே எண்ணும் ஒரே கையொப்பமும் உள்ள ஏபிகே, ஏற்கெனவே உள்ளதன் மேல் சத்தமில்லாமல் அமர்ந்துகொள்ளும். அதனால்தான் ஒரு மேஸ்திரி தவறிப்போய் பழைய final கோப்பைத் திரும்பத் தட்டினாலும் போன் தடுக்கவில்லை. எண்ணை ஒவ்வொரு முறையும் கூட்டியிருந்தால் பழைய கோப்பை நிறுவ மறுத்திருக்கும். உங்களுக்கு ட்ராக்கும் இல்லை, நிழலும் இல்லை என்பதால் ஒன்று ஒன்றாகக் கூட்டுவதே போதும். யாரிடம் எது உள்ளது என்று அறிய, முகப்பின் அடியில் versionName-ஐயும் versionCode-ஐயும் சிறு எழுத்தில் காட்டுங்கள். போனில் படித்துச் சொல்லச் சொன்னால் தெரிந்துவிடும்.

---

தறிச்சத்தம்
ஞாயிறு, பிற்பகல் 1.20

தரவு அழியும் என்பதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேதி எண்ணில் என்ன குறை என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

---

பழைய_கம்பைலர்
ஞாயிறு, பிற்பகல் 2.10

முதல் குறை, கொலுசுக்கணக்குக்கு நேர்ந்த அதே குறை. ஹாட்ஃபிக்ஸ் எப்போதும் சோதனை பில்டுக்குப் பிந்திய தேதியில்தான் உருவாகும். ஆகவே அதன் எண் எப்போதும் பெரியதாக இருக்கும். நீங்கள் சொல்லும் முறையில் இந்த விபத்து தற்செயலாக நடக்காது, ஒவ்வொரு முறையும் உறுதியாக நடக்கும்.

இரண்டாவது, அந்தப் பத்து இலக்கத்தை நீங்கள் உண்மையிலேயே பிளே ஸ்டோரில் ஏற்றியிருக்கிறீர்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அங்கே versionCode-க்கு உச்சவரம்பு 2100000000. நீங்கள் சொன்ன அமைப்பில் 2020 டிசம்பர் 31 இரவு 11.59-க்கு 2012312359 என்ற எண் வரும், அது செல்லும். ஒரு நிமிடம் கழித்து 2021 பிறந்ததும் 2101010000. அது வரம்பைத் தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டிலோ 2201010000 என்பது 2147483647-ஐயும் தாண்டுவதால் சாதாரண முழு எண்ணிலேயே அடங்காது.

---

தறிச்சத்தம்
ஞாயிறு, பிற்பகல் 2.35

மன்னிக்கவும், நினைவிலிருந்து எழுதியதில் பிசகிவிட்டது. இப்போதுதான் கோப்பைத் திறந்து பார்த்தேன். நான் வைத்திருப்பது நான்கு இலக்க ஆண்டு, மாதம், நாள், அன்றைய வரிசை எண் இரண்டு இலக்கம். மணி, நிமிடம் இல்லை. 2026031201 என்ற மாதிரி இருக்கும்.

---

பழைய_கம்பைலர்
ஞாயிறு, பிற்பகல் 3.00

அப்படியானால் 2099 முடியும்வரை வரம்புக்குள் இருக்கும், பிழைத்தீர்கள். ஆனால் இந்த வகை எண்ணில் ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு சிறிய எண்களைக் கொண்ட எந்த ஒழுங்குக்கும் திரும்ப முடியாது. உச்சவரம்புக்குக் கீழே மிச்சம் இருப்பது ஏழு கோடியே சொச்சம் எண்கள்தான். இன்னொன்றும் உண்டு. தட்டச்சில் 2026-க்குப் பதிலாக 2062 என்று விழுந்து அது பொதுவில் வெளியாகிவிட்டால், வரம்புக்குள்ளேயே இருப்பதால் கன்சோல் அதை ஏற்றுக்கொள்ளும். அதன் பிறகு 2062 வரை உங்கள் தேதிகள் எதுவும் செல்லாது. எண்ணைக் கையால் அடிக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

---

கொலுசுக்கணக்கு
ஞாயிறு, மாலை 4.20

நன்றி ஐயா. டெஸ்டர்கள் அனைவரையும் அழைத்துவிட்டேன். ஐந்து பேர் எதையும் தொடவில்லை. ஒருவர் மட்டும் நேற்றே செயலியை நீக்கி மறுபடி நிறுவியிருக்கிறார். அவருடைய இரண்டு வாரக் கணக்கு போய்விட்டது. நல்ல வேளையாகக் காகித நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். திட்டியதைக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது இரண்டு கேள்விகள். மற்றவர்களின் கணக்கை எப்படி மீட்பது? 66 வரை வந்துவிட்ட வரிசையை விட்டு இடம் ஒதுக்கிய வரிசைக்கு எப்படி மாறுவது?

---

பழைய_கம்பைலர்
ஞாயிறு, மாலை 5.15

இரண்டுக்கும் விடை ஒன்றுதான். தரவுத்தளம் கெடவில்லை. 2.4.1 அதைத் திறக்கத் தெரியாமல் வாசலிலேயே விழுந்துவிடுகிறது, கோப்பு 8-ஆம் நிலையிலேயே அப்படியே கிடக்கிறது. 66-ஐவிடப் பெரிய எண்ணோடு 2.5.0-ஐ உள் சோதனையில் மீண்டும் ஏற்றுங்கள். அப்டேட் ஆனதும் எல்லாம் பழையபடி திறக்கும். அந்த 58.425 திருத்தத்தை 2.5.0-இன் கிளையிலும் சேர்த்துவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் டெஸ்டர்களுக்குப் பழைய பிழை திரும்ப வரும்.

அந்தப் பெரிய எண் எது என்பதில்தான் புதிய ஒழுங்கு தொடங்குகிறது. மேலே தாவுவதற்குத் தடை ஏதும் இல்லை, கீழே வருவதற்குத்தான் தடை. நான் பயன்படுத்துவது இது:

```
val major = 2
val minor = 5
val patch = 0
val build = 5

versionCode = major * 10_000_000 + minor * 100_000 + patch * 1_000 + build
versionName = "$major.$minor.$patch"
```

இதன்படி உங்கள் அடுத்த சோதனை பில்டு 20500005. எண்ணை வலமிருந்து படித்தால் கடைசி மூன்று இலக்கம் பில்டு, அதற்கு முன் இரண்டு இரண்டாகத் திருத்தமும் சிறுபதிப்பும், முன்னால் பெரும்பதிப்பு. நாளை மறுபடி 2.4-இல் ஒரு பிழை வந்து 2.4.2 வெளியிட நேர்ந்தால் அதன் எண் 20402001. அது இப்போது பொதுவில் உள்ள 66-ஐவிடப் பெரியது, ஆகவே பொதுமக்களுக்குப் போகும். 20500005-ஐவிடச் சிறியது, ஆகவே டெஸ்டர்களைத் தொடாது. நீங்கள் வேண்டியது இந்த நடு இடம்தான்.

இதற்கு எல்லையும் உண்டு. ஒரே பதிப்புக்கு 999 பில்டுகளைத் தாண்டினால் எண் அடுத்த திருத்தத்தின் இடத்துக்குள் நுழைந்துவிடும். ஆகவே build எண்ணைக் கன்சோலில் ஏற்றும்போது மட்டும் கூட்டுங்கள், கணினியில் கம்பைல் செய்யும் ஒவ்வொரு முறையும் அல்ல. ஆனால் ஒருமுறை ஏற்றிய எண், உள் சோதனையில் மட்டுமே இருந்தாலும், நீங்கள் வெளியிடாமல் கைவிட்டாலும், செலவானதுதான். அதையே திரும்ப ஏற்ற முயன்றால் அந்த எண் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று கன்சோல் மறுத்துவிடும். வரிசையில் ஓட்டைகள் விழுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். யாரும் அவற்றை எண்ணுவதில்லை.

---

சோதனைக்காரி (சூரமங்கலம்)
ஞாயிறு, இரவு 8.45

நான் ஒரு நிறுவனத்தில் சோதனைக் குழுவில் வேலை செய்கிறேன். ஐயா சொன்ன ஒழுங்கையே நாங்களும் வைத்திருந்தோம், அதில் எங்களுக்கு வேறொரு முடிச்சு விழுந்தது. 2.4.2-ஐப் பொதுவில் விடுவதற்கு முன் யாராவது சோதிக்க வேண்டுமே? அதன் எண் 2.5.0-ஐவிடச் சிறியது என்பதால் அதே உள் சோதனை ட்ராக்கில் போட முடியாது. ஏற்கெனவே உள்ள பயனர் எவரும் இந்தப் பதிப்புக்கு உயர முடியாது என்று சொல்லிக் கன்சோல் வெளியீட்டைத் தடுக்கிறது. டெஸ்டர் தன் போனில் உள்ள 2.5.0-ஐ நீக்கினால்தான் உண்டு, நீக்கினால் தரவு போகும்.

இறுதியில் ஹாட்ஃபிக்ஸுக்கென்றே தனியாக ஒரு மூடிய சோதனை ட்ராக்கை உருவாக்கி, அதில் வேறு ஆட்களைச் சேர்த்தோம். ஒரே ஆளை இரண்டிலும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அவருக்கு ஹாட்ஃபிக்ஸ் போய்ச் சேராது. கொலுசுக்கணக்கு, உங்களிடம் ஆறு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அவர்களில் இருவரை 2.5.0-இலிருந்து விலக்கிப் பொதுப் பதிப்பிலேயே நிறுத்தி வைப்பீர்களா?

---

பழைய_கம்பைலர்
ஞாயிறு, இரவு 9.10

சரியான கேள்வி, எனக்கு இதற்கு அழகான விடை இல்லை. இன்டர்னல் ஆப் ஷேரிங் வழியாக இணைப்பு அனுப்பினால் எண் தனித்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அங்கே கூகுள் வேறொரு சாவியால் கையொப்பமிடுவதால், ஸ்டோரிலிருந்து வந்த செயலியின் மேல் அது அமராது. மறுபடி நீக்கத்தான் வேண்டும். சொந்தப் பேரேடு இல்லாத ஒரு உதிரிப் போன் இருந்தால் அதற்கு இது பொருந்தும்.

---

சோதனைக்காரி
ஞாயிறு, இரவு 9.30

இன்னொரு குழுவில் ஒன்று ஒன்றாகவே கூட்டிக்கொண்டு இதைச் சமாளித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஹாட்ஃபிக்ஸுக்கு 66 என்றால், அதைப் பொதுவில் விடுவதற்கு முன்பே அதே 2.5.0-ஐ 67 என்று உள் சோதனையில் ஏற்றி வெளியிட்டுவிடுவார்கள். 67 முன்னால் நிற்பதால் 66 டெஸ்டர்களைத் தொடாது. வரிசையை மாற்றவே தேவையில்லை, ஏற்றும் முறைதான் மாறுகிறது.

---

பழைய_கம்பைலர்
ஞாயிறு, இரவு 9.50

அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பிழை வந்து எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும் வெள்ளி மாலையில், முதலில் சோதனை பில்டை ஏற்ற வேண்டும் என்று நினைவு வைத்திருக்க வேண்டிய ஒழுங்கு அது. எண்ணே காத்துக்கொள்ளும் ஒழுங்கை நான் விரும்புகிறேன்.

---

சோதனைக்காரி
ஞாயிறு, இரவு 9.55

எண்ணே காக்கும் என்றாலும், கிளைகளை இணைக்கும்போது patch = 1 என்ற வரியும் minor = 5 என்ற வரியும் சேர்ந்து 2.5.1 என்று ஒரு பில்டு எங்களிடம் வெளிவந்திருக்கிறது. இரண்டிலும் மனித மறதிக்கு இடம் உண்டு.

---

கொலுசுக்கணக்கு
செவ்வாய், காலை 9.05

20500005-ஐ ஞாயிறு இரவே ஏற்றிவிட்டோம். நேற்று மாலைக்குள் ஐந்து பேரின் கணக்கும் முழுதாகத் திறந்துவிட்டது. கல் வைத்த கொலுசுகளின் பட்டியலும் விட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது.

ஏற்காடு நண்பருக்குச் சொன்ன யோசனையை நாங்களும் எடுத்துக்கொண்டோம். நான்கு சோதனை பில்டுகளும் 2.5.0 என்றே காட்டியதால் யார் எந்த பில்டில் பிழை சொல்கிறார் என்று தெரியாமல் இருந்தது. இப்போது முகப்பின் அடியில் '2.5.0 (20500005)' என்று வருகிறது. இன்று காலை பெரியவர் ஒருவர் அழைத்து, "தம்பி, கீழே ரெண்டு கோடியே அஞ்சு லட்சத்து அஞ்சுன்னு ஏதோ கணக்கு நிக்குதே, அது யாருக்குப் பாக்கி?" என்று கேட்டார். பேரேட்டுச் செயலியில் அந்த எண்ணை எங்கே வைப்பது என்று தம்பியும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஹாட்ஃபிக்ஸுக்குத் தனி ட்ராக் வைக்க இருவரைக் கேட்டேன். கணக்கை இழந்தவர் மட்டும் பொதுப் பதிப்பிலேயே இருந்துகொள்கிறேன் என்றார். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை.